காப்போம் என்று சொன்னவர்கள்

என் மகன் ஏரியில் மூழ்கிப் போன பிறகு மகளை நான் வாசற்படி தாண்டவே விடுவதில்லை என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்வாள். கொஞ்சம் பொய், நிறைய உண்மை. கடைக்கு அனுப்புவேன். ஆனால் ஓதி, அவள் உச்சந்தலையில் ஊதிவிட்டுத்தான் அனுப்புவேன்.

ஓதுவது ஒரே வரி. சிறுவயதில் மனப்பாடமான ஒரு சூராவில், குர்ஆன் அத்தியாயத்தில், வரும். அண்ணன்கள் தம்பியைக் கிணற்றில் தள்ளும் கதை இருக்கிறதே, அந்த சூரா. கதை தெரியும், எந்த வரி என்ன சொல்கிறது என்பது தெரியாது. வழியனுப்பும்போது "குதா ஹாஃபிஸ்" என்கிறோம் அல்லவா, அதே சத்தம் இந்த வரியிலும் கேட்டதால் காவலுக்கு நல்லது என்று நானே பிடித்துக்கொண்டேன். மகன் கடைசியாகப் புறப்பட்ட அன்றும் அதையே ஓதி ஊதினேன்.

இந்த வருஷம் மகளுக்கு வேலூரில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் பெண்களுக்கு அரபி வகுப்பு தொடங்கியது. விசைத்தறிக் கொட்டகைக்கு மேல்மாடி. தறி ஓடினால் ஒன்றும் கேட்காது; மதியச் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்தும்போதுதான் பாடம். சொல்லித்தரும் ஆலிமா என் மகளைவிடச் சற்றே பெரியவள்.

பலகையில் ஹா, ஃபா, ழா என்று மூன்று எழுத்து எழுதினாள். "இதாங்க வேர். காக்கறதுன்னு அர்த்தம். ஹாஃபிழ்னா காக்கறவர். மஹ்ஃபூழ்னா காக்கப்பட்டது. ஹிஃப்ழ்னா மனசுல காத்து வெக்கறது, மனப்பாடம். முன்னாடி பின்னாடி நடுவுல ஒட்டிகினு இருக்கறதக் கழட்டிப் பாருங்க, மூணும் வரிசை மாறாம நிக்கும். எல்லா வேரும் இவ்ளோ சுலபமா மாட்டாது. இது மாட்டும். உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல தேடுங்க."

எனக்குக் குஷி தாங்கவில்லை. முந்திக்கொண்டு என் வரியைச் சொன்னேன்: "வ இன்னா லஹு லஹாஃபிழூன்."

"அட, சூப்பர்ங்க! கழட்டுங்க பாப்போம்."

கழற்றினேன். நடுவில் ஹாஃபிழ். கடைசியில் 'ஊன்'. அது பலபேரைக் காட்டும் என்றாள். முன்னால் 'ல', அழுத்திச் சொல்வதற்கு. 'இன்னா', நிச்சயமாக நாங்கள். 'லஹு', அவனுக்கு. எல்லாம் சேர்ந்தது: நிச்சயமாக நாங்கள் அவனைக் காப்போம்.

"யாரு சொல்றாங்க?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியது. "அண்ணனுங்கம்மா. தம்பியக் கூட்டிகினு போறப்ப அப்பாகிட்ட சொல்றாங்க."

மகன் ஏரிக்குப் புறப்பட்ட அன்று என் வாசலில் அவன் கூட்டாளிப் பையன்கள் மூன்று பேர் நின்றார்கள். "அனுப்புங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்." அவர்கள் சொன்னதையே நான் அரபியில் ஓதி என் பிள்ளை தலையில் ஊதியிருக்கிறேன். அந்தப் பையன்கள் மனதறிந்து பொய் சொல்லவில்லை; அதுதான் இன்னும் பேஜார்.

"கொஞ்சம் கீழ பாருங்கம்மா, அதே வேர்..." என்றாள் ஆலிமா.

"உன் வேரும் வேணாம் வெங்காயமும் வேணாம்!" என்று கத்திவிட்டுப் படியிறங்கினேன்.

அதன் பிறகு வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் 'ஊன், ஊன்' என்று கேட்டது. தறிச் சத்தத்திலும் அதுதான். ஒரு குரல் இல்லை, மூன்று குரல். மகள் தலையைக் குனிந்து நிற்பாள். எனக்கு வாய் வராது. வெறும் கையால் தலையைத் தடவி அனுப்புவேன். அவள் திரும்பி வரும்வரை உயிர் என்னிடம் இருக்காது.

ஹாஸ்டலுக்குப் போக வேண்டிய நாளும் வந்துவிட்டது. அவளாகவே பெட்டி கட்டியிருந்தாள். விடிந்ததும் குர்ஆனை எடுத்து, எழுத்துக்கூட்டும் பிள்ளை மாதிரி விரல் வைத்து ஹா, ஃபா, ழா தேடிக்கொண்டே போனேன். மறுபடி அதே வரி! ஓர் எழுத்து மாறாமல். இந்தத் தடவை அதே அண்ணன்கள் கடைசித் தம்பியைக் கேட்கிறார்கள், தானியம் வாங்க அழைத்துப் போக. பாவிகள், எந்த வாயால் கேட்டார்கள்? குர்ஆனை மூடப் போனேன்.

அடுத்த வசனத்திலும் மூன்று எழுத்து நின்றது. ஹாஃபிழன். 'ஊன்' இல்லை, ஒருவர்தான். முன்னால் அல்லாஹ், கைர். கைர் என்றால் நல்லது, மேலானது; அது எங்கள் வீட்டுப் பேச்சிலேயே உண்டு. காப்பவரில் அல்லாஹ்வே மேலானவன். இது தகப்பன் பேச்சு.

"அப்போ என் பையனை ஏன் காக்கல?" என்று வாய்விட்டே கேட்டேன். அந்தத் தகப்பனுக்கும் அப்போது பதில் தெரியாது. கிணற்றில் போனவன் உயிரோடு இருக்கிறான் என்பதுகூடத் தெரியாது. ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு, இன்னொன்றை அதே ஆட்களோடு அனுப்பும்போது சொன்ன வார்த்தை அது.

"அம்மா, ஜல்தி. பஸ் போயிடும்."

அவள் தலையில் கை வைத்தேன். அந்தத் தகப்பனுடைய வரியை ஓதி ஊதினேன்.

"போய்ட்டு வா" என்றேன்.