விடுப்பு விண்ணப்பத்தில் ஒட்டிக்கொண்ட குறிப்பாணை

வேங்கிக்கால் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில், ஒரு குறிப்பாணையைக் கணினியில் அடித்து முடித்தபோது அந்த யோசனை உதித்தது. இதன் மேலேயே என் விடுப்பு விண்ணப்பத்தையும் அடித்துவிட்டால் என்ன? வெள்ளிக்கிழமை வேலூரில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அனுப்புநர், பெறுநர், பொருள், ‘மதிப்பிற்குரிய ஐயா’ எல்லாம் ஐந்தே நிமிடத்தில் தயார். என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் நீட்டினேன்.

அந்த அம்மா கடைசிப் பத்தியைச் சத்தமாகவே படித்தார். “‘ஒருநாள் தற்செயல் விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் தங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.’ ஏன் தம்பி, லீவு தரலன்னா ஆபீசருக்கே மெமோ குடுப்பீங்களா?”

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “கீழ ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’னு வேற போட்டிருக்காரு மேடம். மரியாதையான மிரட்டல்!”

பழைய குறிப்பாணையின் கடைசி வரியை நான் அழிக்கவே இல்லை.

“வெளியூர் போறீங்க, தலைமையிடத்த விட்டுப் போக அனுமதியும் கேக்கல. ஆபீசர் நாலு மணிக்கு கேம்ப் கிளம்பிடுவாரு, சீக்கிரம்” என்றார் மேடம்.

மணி மூன்றரை. இந்த முறை கையாலேயே எழுதி, கீழ்ப்படிதல் வரைக்கும் ஒவ்வொரு வரியையும் மேடத்திடமே படித்துக்காட்டுவது என்று வெள்ளைத்தாளை எடுத்தேன்.