பூப்படம் அனுப்பிய மாலை

என் கணவருக்கு அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை. "நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டாங்க" என்று அன்று மாலை வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பேசக் கூச்சப்படும் நான், "கவலைப்படாதீங்க, இதைவிட நல்ல வேலை கிடைக்கும்" என்று பூப்படத்தோடு அனுப்பினேன்.

படித்தார், பதில் இல்லை. வழக்கமாக அவர் வரும் ரயில் எங்கள் ஊர் திருநின்றவூருக்கு வந்து போனது, அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. யோசித்து மறுபடி எழுதினேன்:

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அடுத்து என்னன்னு தெரியல. இன்னிக்கு எதுவும் முடிவு பண்ண வேணாம். நீங்க சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஸ்டேஷன்ல நிக்கிறேன். பேச வேணாம், சேர்ந்து நடந்து வரலாம்."

"அடுத்த வண்டில வரேன்" என்று பதில் வந்தது.

இறங்கியதும் என்னைப் பார்த்து, "இன்னா, பூ வரலியா?" என்றார். பாதி வழியில் அவரே சொன்னார்: "நல்ல வேலை கெடைக்கும்னு போட்டியா, கெடைக்கலன்னா உன் மூஞ்சில எப்டி முழிக்கறதுன்னு அம்பத்தூர் பிளாட்பாரத்துலயே குந்திகினு இருந்தேன்."

இன்னும் வேலை கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் நான் நம்பிக்கை வார்த்தை எதுவும் சொல்வதில்லை. "இன்னிக்கு வேலை தேடப் போறீங்களா, வீட்ல இருக்கீங்களா?" என்று மட்டும் காலையில் கேட்கிறேன். எந்தப் பதில் வந்தாலும் தலையாட்டிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன்.