வரவேற்புரையில் பெட்பேன்

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் பள்ளியில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேரும் பெண்களை வரவேற்று மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். அந்த வருஷம் அது என் தலையில் விழுந்தது. வாயாடி என்று பெயர் வாங்கிவிட்டால் இப்படிப்பட்ட வேலையெல்லாம் தானாகத் தேடி வரும்.

எங்களுக்குப் பாடம் எடுக்கும் டியூட்டர் சிஸ்டர் முந்தின நாளே கூப்பிட்டு, என்ன பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். சேவை மனப்பான்மை, பொறுமை, வெள்ளை உடுப்பின் கௌரவம், ஆறு மாதம் தேறினால் தலையில் தொப்பி வைக்கும் விழா, இவ்வளவுதான்.

"பெட்பேன் பேச்சை மட்டும் எடுக்காதே. பெத்தவங்க எல்லாம் உக்காந்திருப்பாங்க" என்றார்.

எழுந்திருக்க முடியாத நோயாளிக்குப் படுக்கையிலேயே மலஜலம் கழிக்க வைக்கும் பாத்திரம்தான் பெட்பேன். முதல் வருஷப் பெண் வார்டுக்குள் நுழைந்ததும் அவள் கைக்கு வருவதும் அதுதான். அதைப் பற்றிப் பேசாமல் என்ன வரவேற்பு? தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர, மனசு ஒப்பவில்லை.

காரணம் இருந்தது. நான் சேர்ந்த புதிதில் என் பக்கத்துக் கட்டில்காரி இந்த வேலையைப் பார்த்து மிரண்டு, சில வாரத்திலேயே ஊருக்குப் போய்விட்டாள். பெட்பேனுக்குப் பயந்து வந்தாள் என்று ஊர் நம்புமா? ஹாஸ்டலில் ஏதோ நடந்துவிட்டது என்று கதை கட்டினார்கள். வந்த சம்பந்தமும் நின்றுபோனது. முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அப்பாவோடு வந்த ரயிலிலேயே தலை நிமிர்ந்து திரும்பியிருப்பாள். இந்த வருஷம் அப்படி ஒருத்திக்கும் ஆகக் கூடாது, சிஸ்டர் கோபித்தால் கோபிக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் கூடத்தில் புதுப் பெண்கள் முன்வரிசையில், பெற்றவர்கள் பின்னால். பெட்டிகளெல்லாம் வெளியே தாழ்வாரத்தில் இருந்தன. கூட்டம் முடிந்த பிறகுதான் அவை ஹாஸ்டலுக்குள் போகும். வணக்கம் சொல்லி, சேவை, பொறுமை எல்லாம் ஒப்பித்தேன். சிஸ்டர் முகத்தில் திருப்தி. அதற்கப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"தங்கச்சிங்களா, நீங்க முதல்ல ஊசி போடப் போறதில்ல. கட்டில் விரிப்பீங்க, உடம்பு தொடைச்சு விடுவீங்க, பெட்பேன் எடுப்பீங்க. உங்க பெட்டி இன்னும் வெளியதான் இருக்கு. இது முடியாதுன்னு தோணினா இப்பவே போயிடலாம், அதுல அவமானம் ஒண்ணும் இல்ல. ஆனா அது இன்னா வேலைன்னு தெரிஞ்சிக்கினு போங்க."

பின்வரிசையில் சலசலப்பு. சிஸ்டர் முகம் சிவந்துவிட்டது. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே சொன்னேன். முதலில் கட்டிலைச் சுற்றித் திரை மறைப்பு வைக்க வேண்டும். பாத்திரத்தை வெந்நீரில் அலசித் துடைத்துக் கொண்டுபோக வேண்டும், ஜில்லென்று இருந்தால் நோயாளி உடம்பு இறுகிப்போகும். முழங்காலை மடக்கச் சொல்லி, இடுப்புக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, அடியில் மெல்ல நகர்த்த வேண்டும். எடுத்ததும் துணி போட்டு மூட வேண்டும். அப்புறம் உடனே கொட்டிவிடக் கூடாது. மூக்கைப் பிடிக்காமல் பார்க்க வேண்டும்.

"கஞ்சித்தண்ணி மாதிரி இருந்தா காலராவோன்னு சந்தேகப்படணும். களிமண் மாதிரி வெளுத்து இருந்தா பித்தம் எறங்கலன்னு அர்த்தம். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அது இல்லாம தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு இருந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியுதோ என்னமோ. எதுவா இருந்தாலும் கொட்டாம மூடி வச்சு, பெரிய சிஸ்டர்கிட்ட காட்டணும். டாக்டர் வர்றதுக்கு முன்னாடி அதைப் பாக்கறது நாமதான். நாம பாக்காம கொட்டிட்டா அந்தச் சேதி சாக்கடையில போயிடும்."

அப்போது பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். ஆரம்பாக்கம் பக்கத்து நெல் விவசாயி. முதல் வண்டி பிடித்துப் பட்டணம் வந்து, வண்டி மாறி வந்திருந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"போதும்மா. ஊர்ல எவனுக்கோ பீ அள்றதுக்கா என் பொண்ண படிக்க வச்சேன்? எய்ந்துரு, ஊட்டுக்குப் போலாம்" என்று மகளைப் பார்த்துக் கத்தினார்.

முன்வரிசையில் ஒல்லியாக ஒரு பெண் எழுந்தாள். போச்சு, என்னால் ஒருத்தி படிப்பு கெட்டது என்று நினைத்தேன். அவளோ அப்பா பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்தாள்.

"அக்கா, தார் மாதிரின்னா... எங்க அம்மாவுக்கு அப்பிடித்தான் போச்சு. படுத்த படுக்கையா கெடந்தாங்க. நான்தான் எடுத்தேன். இரும்பு மாத்திரை சாப்புடல, ஒண்ணும் சாப்புடல. ஆனா கறுப்பா இருந்துச்சு. நான் கொட்டிட்டுக் கழுவி வச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

அவள் அம்மா இப்போது உயிரோடு இல்லை என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதிப் பழகின பேச்சில் இதற்கு ஒரு வரி கிடையாது.

"அதான் காரணமான்னு இங்கருந்து என்னால சொல்ல முடியாது. உனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அது உன் தப்பு இல்ல. இங்க சொல்லிக் குடுப்பாங்க" என்றேன்.

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "நைனா, நான் வர்ல. நான் கத்துக்கணும்."

அவர் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், மகளின் தகரப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஹாஸ்டல் பக்கம் நடந்துகொண்டிருந்தார். ஆண்கள் உள்ளே போகக் கூடாது என்று ஆயா தடுத்ததும், வாசற்படியிலேயே பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே குந்திக்கொண்டு அழுதார்.

அன்றைக்கு ஒரு பெண் திரும்பிப் போகவும் செய்தாள். திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பம். அவள் அப்பா என்னிடம் வந்து, "மறைக்காம சொன்னதுக்கு சந்தோஷம்மா, எங்களுக்குச் சரிப்படாது" என்று மரியாதையாகவே சொல்லி அழைத்துப் போனார். எனக்கு அதில் வருத்தமில்லை. டியூட்டர் சிஸ்டர்தான் என்னை விடவில்லை. கீழ்ப்படியாமைக்காக அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதி கிடையாது என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அந்த ஆரம்பாக்கத்துப் பெண் வார்டுக்கு வந்த நாளிலிருந்து துணி போட்டு மூடிய பெட்பேனோடு அடிக்கடி என்னிடம் ஓடி வருவாள். பாதி நேரத்துக்கு மேல் பயப்படும்படி அதில் ஒன்றும் இருக்காது. ஒருமுறைகூட நான் அவளிடம் சலித்துக்கொண்டதில்லை.

நானும் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் கையில் பழக வந்த எந்தப் பெண்ணிடமும் வேலையை இனிப்புத் தடவிச் சொன்னதில்லை. உண்மையைக் கேட்டு ஒருத்தி போய்விடுவாளோ என்பதைவிட, கேட்காததால் ஒருத்தி தெரியாமலே கொட்டிவிடுவாளோ என்பதுதான் இன்றைக்கும் எனக்குப் பெரிய பயம்.