மூடன் என்று எழுதினேன்

ராசிபுரம் போகும் சாலையில் எங்கள் கரிவாயு பஸ் இருமிக்கொண்டு நிற்கிறது. டிரைவர் அதன் பின்புறக் கரியடுப்பைக் கிளறுகிறார். தன் தலையைத் தானே அறுத்துக்கொள்ளும் வீரனைச் செதுக்கிய பழைய கல் ஒன்றின் எதிரில் உட்கார்ந்து, நான் பத்திரிகைக் கட்டுரையை முடிக்கிறேன்.

கல்லுக்குப் பொங்கல் வைக்கும் அம்மாள் எட்டிப் பார்க்கிறார்.

"எங்க பாட்டனப் பத்தியாங்க எழுதறீங்க? படிங்க, கேப்போம்."

பெருமையாகப் படிக்கிறேன்: "கூழும் மிளகாயும் உண்டுவிட்டு, அரசன் பிழைக்க வேண்டித் தலையைக் கொடுத்தான் இந்த மூடன்."

"அவரு காலத்துல ஏதுங்க மொளகா? இவரு பொங்கலுக்கு இன்னும் மொளகு மட்டுந்தான். மூடனுங்களா? அவரு வாக்கக் காப்பாத்துனதுக்குத்தான் ஊரு எங்களுக்கு இந்தக் கம்மங்காட்ட உட்டுது."

"அப்படியானால் இன்று ஒருவன் செய்தால் சரியா?"

"எம்பையன் செஞ்சா காலை ஒடிச்சுப்போடுவேன்! அது இன்னைக்குங்க. இன்னைய ஞாயத்த அவருகிட்டக் கேட்டா, பாவம், எங்க போவாரு?"

சவரக்கத்தி லேசாகக் கீறினாலே அலறித் தெருவையே கூட்டுகிற நான், அவரை மூடன் என்றேன். எழுதிய ஆறு பக்கத்தையும் அடித்துவிட்டு எழுதிப் படிக்கிறேன்: "அரசன் பிழைத்தால் தலை தருவதாக நேர்ந்துகொண்டான். அவன் பிழைத்தான், இவன் தந்தான். ஊர் இவன் குடும்பத்துக்கு நிலம் விட்டது. அன்று காலை என்ன உண்டான் என்பது தெரியவில்லை."

அந்த அம்மாள் கல்லருகே குனிந்து, ஒரு சொல் விடாமல் பாட்டனுக்கும் ஒப்பித்துவிட்டுத் திரும்புகிறார்.

"செரிங்க. அச்சுல போடுங்க."