ஜனவரியின் உயரம்

எங்கள் பள்ளியில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தது. உயரம் பார்க்கும் கோல் இல்லை. கோல் ஆண்டுக்கு ஒரு முறை, ஜனவரியில், சுகாதாரத் தாதிகளோடு வேனில் வரும். அன்று பிற்பகலே அவர்களோடு போய்விடும். நடந்தவை எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லலாம். நான் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது சிங்கப்பூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளி. தொடக்கநிலையும் உயர்நிலையும் ஒரே வளாகத்தில். எண்பதுகளின் தொடக்கம், நான் தொடக்கநிலை ஐந்து, பத்து வயது. பள்ளியின் பெருமை ஜிம்னாஸ்டிக்ஸ் குழு. குழுவில் ஆறு பேர், மாற்று ஆளாக ஏழாவது ஒருத்தி. நான் அந்த ஏழாவது. ஆறு பேரில் மிகச் சிறந்தவள் என் தோழி. பீம் என்று நாங்கள் அழைத்த நான்கு அங்குல அகலக் கட்டையின் மேல், அவள் தரையில் நடப்பதைப் போல நடப்பாள். செப்டம்பரில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. அதற்காகவே அந்த ஆண்டு முழுவதையும் அவள் வாழ்ந்தாள்.

தேக்காவுக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடியில் அவள் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே. என் அப்பா தேக்காவில் தையல்காரர். அவருடைய பழைய டேப் ஒன்று என்னிடம் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, நான்காம் மாடிப் படிக்கட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலைக்கு மேல் ஒரு புத்தகத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளப்போம். ஜனவரியில் அவள் நூற்று நாற்பத்தாறு சென்டிமீட்டர். நான் நூற்று முப்பத்தொன்று. எங்களுக்குள் வயது வித்தியாசம் மூன்று வாரம்.

அதன் பிறகு என் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. அவளுடையவை ஏணிப்படிகளைப் போல ஏறின. ஆகஸ்டில் அவள் நூற்று ஐம்பத்திரண்டு. ஏழு மாதத்தில் ஆறு சென்டிமீட்டர். பாவாடையின் மடிப்பை அவள் அம்மா இரண்டு முறை பிரித்துவிட்டார். இடுப்பு அகன்றது, மார்பு தெரிந்தது. சிலருக்கு இது பத்து வயதில் தொடங்கும், சிலருக்குப் பதின்மூன்றில். அன்று எங்களில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்களும் தெரிந்தவர்களைப் போல நடந்துகொள்ளவில்லை.

எங்கள் உடற்பயிற்சி டீச்சர் தமிழர். அந்த ஆண்டு ஏதோ பயிற்சிக்குப் போய், ஒரு தட்டச்சுத் தாளும் ஒரு கால்குலேட்டருமாகத் திரும்பினார். கிலோவில் எடை. அதை மீட்டரில் உயரத்தால் வகுக்க வேண்டும். வந்ததை மறுபடியும் அதே உயரத்தால் வகுக்க வேண்டும். வருகிற எண்ணை வைத்து ஒருத்தி பருமனா இல்லையா என்று சொல்லிவிடலாம். பின்னாளில் எல்லார் வாயிலும் புழங்கிய பி.எம்.ஐ அதுதான். தாளில் வயதுக்கு ஒரு வரிசை இருந்தது. வளர்ச்சி தொடங்கியவளா தொடங்காதவளா என்பதற்கு வரிசை இல்லை. குழுவுக்கென்று டீச்சர் தாமாகவே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார்: இருபது. அதைத் தாண்டினால் குழுவில் இடமில்லை.

எடையை மாதாமாதம் பார்த்தார். உயரத்துக்கு, ஜனவரியில் தாதிகள் எழுதிவிட்டுப் போன அட்டை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அட்டையிலிருந்து உயரத்தை வாசிப்பதும், வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதும் என் வேலை.

ஆகஸ்டின் இரண்டாம் வாரம். விளையாட்டுச் சாமான் அறையில், பாய்களுக்கும் பந்துக் கூடைகளுக்கும் நடுவே, வரிசையாக நின்றோம். தோழி ஏறினாள். முள் நாற்பத்தைந்தரையில் நின்றது.

“அம்மாடி!” என்றார் டீச்சர். “ஜனவரில நாப்பதரை. என்ன சாப்பிடுற நீ? பீம் தாங்காதுலா.”

வரிசை சிரித்தது.

“நான் வளந்துட்டேன் டீச்சர்,” என்றாள் அவள்.

“எல்லாரும் அதான் சொல்றாங்க. ஹைட் என்ன?” அந்தக் கேள்வி எனக்கு.

அட்டையில் இருந்ததை வாசித்தேன். “நூத்து நாப்பத்தாறு.”

கால்குலேட்டர் இருபத்தொன்று புள்ளி மூன்று என்றது. சுவரில் இருந்த உயரத்தைப் போட்டிருந்தால் பத்தொன்பது புள்ளி ஏழு. அந்தக் கணக்கை நான் அன்று போடவில்லை. ஆனால் உயரம் கூடினால் எண் குறையும் என்பது எனக்குத் தெரியும். எட்டு மாதமாக அந்தப் பதிவேட்டை எழுதியவள் நான்.

“பொய் டீச்சர். நூத்து அம்பத்திரண்டு இப்ப. இவள கேளுங்க. நாங்க வீட்ல அளக்கிறோம்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் ஒரே புளோக்தானே? வளந்திருக்காளா?”

“தெரியல டீச்சர்,” என்றேன்.

இருபத்தொன்று புள்ளி மூன்று என்று எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சண்டை போடவில்லை. எனக்கு டீச்சரிடம் பயம் என்று நினைத்துக்கொண்டாள். “நாளைக்கு டேப்ப எடுத்துட்டு வா. அவங்க முன்னாடியே அளந்து காட்டலாம்,” என்றாள்.

“அப்பாவுக்கு வேணுமாம்,” என்றேன். டேப் என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

குழுப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு மேலே என் பெயரை எழுதினார்கள். அவளுக்கு வேறொரு பட்டியலில் இடம் கிடைத்தது. எடையைக் குறைக்க இடைவேளையில் திடலைச் சுற்றி ஓடவேண்டியவர்களின் பட்டியல். பதினோரு பேர். அவர்கள் ஓடும்போது மற்றவர்கள் சிற்றுண்டிச் சாலையில் மேசையைத் தட்டித் தாளம் போடுவார்கள். “லோரி வருது, தள்ளு தள்ளு!” என்று தமிழ்ப் பிள்ளைகளே கத்தினார்கள். ஓடுகையில் அவள் ஒரு கையால் மார்பை அழுத்திக்கொள்வாள். அதற்கும் தனியாக ஒரு சிரிப்பு இருந்தது.

அவள் அம்மா ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். அவளுடைய எடையைப் பற்றிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்த வாரத்தில் ஒரு நாள் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். இரண்டாவது கரண்டிச் சோற்றுக்குத் தட்டை நீட்டியவளின் கையை அவர் தட்டிவிட்டார்.

“போதும், எந்திரி. வயசு பத்து, ஒடம்பு பதினாலு. லிப்டுல வர்றவன்லாம் பாக்குறான். இவளப் பாரு,” என்று என்னைக் காட்டினார், “எப்படிக் குச்சி மாதிரி அழகா இருக்கா!”

“பசிக்குதும்மா.”

“பசிக்கட்டும்.”

உயரம் வேகமாக ஏறும் காலத்தில் உடம்பு சோறு கேட்கும். எடையும் கூடவே வரும், சற்றுப் பின்தங்கியும் வரும். பெண்ணின் உடம்பு அந்த நேரத்தில் கொழுப்பைச் சேர்ப்பதும் அதன் வேலைதான். இதைப் பல ஆண்டுகள் கழித்து, செய்தியாளராக இருந்தபோது, ஒரு குழந்தை மருத்துவரிடம் கேட்டு எழுதினேன். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை; முந்தி வளர்கிறவளின் எண் அந்த வயதில் கூடுதலாகத்தான் தெரியும் என்றார் அவர். கட்டுரை நன்றாக வந்திருப்பதாக ஆசிரியர் சொன்னார்.

வீட்டில் சோற்றை நிறுத்தினார்கள். பள்ளியில் அவளே நிறுத்திக்கொண்டாள். இடைவேளை ஓட்டம் முடிந்து வந்து, வாங்கிய பரோட்டாவைச் சரியாகப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை என் தட்டுக்குத் தள்ளுவாள். “நீ சாப்பிடு. உனக்குத்தான் ஒண்ணும் ஆவாது.” நான் சாப்பிட்டேன். அந்த ஆண்டு முடியும்வரை சாப்பிட்டேன்.

செப்டம்பர் போட்டியில் பீமின் மேல் ஏறியது நான். உடம்பு சிறியது, கால் குட்டை, எடை இருபத்தாறு கிலோ. தடுமாறி விழ அந்த உடம்பில் ஒன்றுமே இல்லை. மூன்றாம் பரிசு வந்தது. பார்வையாளர் வரிசையில் அவள் இருந்தாள். மற்றவர்கள் கைதட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வளர்ச்சி தொடங்கியதைப் போலவே சீக்கிரம் முடிந்தது. தொடக்கநிலை ஆறில் பூப்பெய்தினாள். அதற்குப் பின் சில சென்டிமீட்டர்தான். நூற்று ஐம்பத்தாறில் நின்றுவிட்டாள். படிக்கட்டுச் சுவரில் கோடு போடுவதை நாங்கள் முன்பே விட்டிருந்தோம். வீடமைப்புக் கழகத்து ஆட்கள் வந்து வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள்.

என் முறை உயர்நிலை இரண்டில், பதினான்கு வயதில் வந்தது. ஓராண்டில் எட்டரை சென்டிமீட்டர். எடை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காததால் என் எண் கூடுவதற்குப் பதிலாகச் சற்றே இறங்கியது. அதே டீச்சர், அதே கால்குலேட்டர். இப்போது உயர்நிலையையும் அவர்தான் பார்த்தார். “ஒல்லிப்பாச்சா! வீட்டுல சோறு போட மாட்டாங்களா?” என்றார். அம்மா மைலோ பானத்தில் முட்டையை அடித்துக் கொடுத்தார். எனக்கு இரண்டாவது கரண்டியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பீமின் மேல் கால்கள் எனக்குப் பழக்கமில்லாத இடங்களில் போய் இறங்கின. மூன்று முறை விழுந்தேன். மூன்றாம் முறைக்குப் பிறகு டீச்சர் என் இடத்துக்குத் தொடக்கநிலை ஐந்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிவந்தார். அதன் பிறகுதான் எனக்கு எடை வந்தது. ஓராண்டில் ஒன்பதரை கிலோ. அதை யாரும் குற்றமாக எழுதவில்லை. பதினைந்து வயதில் அது வரவேண்டியதுதானே என்றார்கள்.

உயர்நிலை நான்கின் ஜனவரி. தாதிகள் கோலோடு வந்தார்கள். அகரவரிசைப்படி அவள் எனக்கு முன்னால். நூற்று ஐம்பத்தாறு, நாற்பத்தெட்டு கிலோ. நான் நூற்று அறுபத்திரண்டு, ஐம்பத்தொன்றரை. அவள் என் அட்டையை வாங்கி, ஓரத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்தாள். கால்குலேட்டர் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஐந்து ஆண்டுகளாகத் தினமும் அந்தக் கணக்கைப் போட்டுவந்தவள் அவள்.

“எனக்குப் பத்தொம்பது புள்ளி ஏழு. உனக்குப் பத்தொம்பது புள்ளி ஆறு,” என்றாள். “ஒண்ணுதான்.”

“ஆமா.”

“அன்னிக்கும் எனக்குப் பத்தொம்பது புள்ளி ஏழுதான், தெரியுமா? நூத்து அம்பத்திரண்ட வச்சுப் போட்டா அதான் வருது. நான் சீக்கிரம் வந்துட்டேன், நீ லேட்டா வந்த. அவ்ளோதான் விஷயம்.”

“அப்ப நாம சின்னப் புள்ளைங்கதான்லா,” என்றேன்.

“ஆமா, சின்னப் புள்ளதான்.” அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். “ஆனா நூத்து நாப்பத்தாறுன்னு வாசிச்சியே, உன் குரல் கொஞ்சங்கூட நடுங்கல. நான் உன் வாயையே பாத்துட்டு இருந்தேன்.”

அடுத்து, கண் பரிசோதிக்கும் தாதி என் பெயரைத் தவறாக உச்சரித்து அழைத்தார். அதற்குப் பதில் சொன்னேன்.

இடைவேளையில் சிற்றுண்டிச் சாலையில் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பரோட்டாவைப் பாதியாகக் கிழித்தாள். இரண்டு பாதிகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சரிபார்த்தாள். பெரியதாகத் தெரிந்ததை என் தட்டுக்குத் தள்ளினாள்.

“சாப்பிடு,” என்றாள்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சாப்பிட்டேன்.