பக்கத்து சீட்டில் ஒரு தூக்கம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்குக் காரே ஒத்துக்கொள்ளாது என்றால் யாராவது நம்புவார்களா? நம்ப வேண்டாம் என்றுதான் அவரும் இத்தனை வருஷமாகப் பாடுபட்டு மறைத்துவந்தார். தானே ஓட்டினால் ஒன்றும் செய்யாது. பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் கிளட்ச்சை வெடுக்கென்று விட்டு, வண்டி முன்னும் பின்னும் குலுங்கும்போதுதான் வயிற்றைப் பிரட்டும். பிரட்டல் வந்த கையோடு பாதி மண்டையைப் பிடுங்கும் ஒற்றைத் தலைவலியும் வரும். வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் ஊசி குத்தும். மாதத்துக்கு இரண்டு தடவையாவது இந்தக் கூத்து உண்டு.

ஊரில் அவருக்கு 'பிரேக் வாத்தியார்' என்று பெயர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் மிதி உண்டல்லவா, அதன் மேல் சதா கால் வைத்தபடி இருப்பார். கற்றுக்கொள்கிறவர் பிரேக்கை நினைப்பதற்குள் இவர் அழுத்திவிடுவார். அழுத்திவிட்டு, "பிரேக்! பிரேக்!" என்று கத்துவார். வண்டி நின்ற பிறகு கத்தி என்ன புண்ணியம் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. "என் காலு இந்த மிதி மேல இருக்கிற வரைக்கும் ரோட்டுல ஒரு ஈ எறும்பு சாகாது" என்பது அவர் பெருமை. அது உண்மையும்கூட. அவரிடம் கற்றவர்கள் லைசென்ஸ் தேர்வில் முதல் தடவை தேறுவது மட்டும் அபூர்வம். அதற்கு அதிகாரிகளின் பொறாமையைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்பது அவர் கட்சி.

பயிற்சிப் பள்ளியின் பலகையில்தான் அவர் பெயர். மேசையில் உட்கார்ந்து ஆள் சேர்ப்பதும், நேரம் ஒதுக்குவதும், டயரைத் தட்டிப் பார்ப்பதும் அவர் மனைவி. இவரைவிட அந்த அம்மாள் நன்றாகவே ஓட்டுவாள். அந்தச் செய்தியை வாத்தியார் வெளியில் பரப்புவதில்லை.

தலைவலி எல்லை மீறியபோது மனைவி பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். வலி மாத்திரையோடு, குமட்டலுக்கு புரோகுளோர்பெரசின் என்று ஒன்றையும் டாக்டர் எழுதினார். "வலி ஆரம்பிச்சதுமே ரெண்டையும் போடுங்க. போட்டுட்டு இருட்டு ரூம்ல படுத்துடுங்க" என்றார். வாத்தியார் 'போடுங்க' வரைக்கும்தான் காதில் வாங்கினார்.

மருந்துக்கடைக்காரர் லேசில் விடுகிற ஆள் இல்லை. அட்டையை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "வாத்தியாரே, இது நல்லா தூக்கத்தைக் கொடுக்கும். சில பேருக்குச் சும்மா கண்ணு சொருகும், சில பேரை அடிச்சுப் போட்டுரும். போட்டா வண்டி ஓட்டக் கூடாது, தெரியும்ல?" என்றார்.

"நான் எங்கங்க ஓட்டுறேன்? ஓட்டுறது அவங்க. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்."

"பிரேக் யார் கால்ல இருக்கு?"

"அது அவசரத்துக்கு."

"அவசரம் சொல்லிட்டு வருமா? சரி, வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? சளிக்கு, அரிப்புக்கு? அதுலயும் தூக்கம் வர்றது இருக்கு. ரெண்டும் சேர்ந்தா இன்னும் மோசம். குடிச்சா கேட்கவே வேணாம்."

"ஒண்ணும் கிடையாதுங்க" என்று அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தார். தும்மலுக்கு என்று சட்டைப் பையில் ஒரு மாத்திரை எப்போதும் கிடக்கும். அதெல்லாம் ஒரு மாத்திரையா என்பது அவர் எண்ணம்.

முதல் தடவை வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார்த்தார். குமட்டல் அடங்கியது. விடிந்து வெகுநேரம் வரை அசையாமல் தூங்கினார். மனைவி, "மாத்திரை ஆளையே சாய்ச்சிருச்சே" என்றாள். "ராத்திரி தூங்காம பின்ன டான்ஸா ஆடுவாங்க?" என்றார். தூக்கம் தன்னுடையது, குணம் மட்டும் மாத்திரையுடையது என்று கணக்குத் தீர்த்துக்கொண்டார். படுக்கையில் போட்டவனுக்கு மாத்திரை என்ன செய்கிறது என்று எப்படித் தெரியும்? படுத்திருக்கிறவன் தூங்குவதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை.

அடுத்த தலைவலி பட்டப்பகலில் வந்தது, அதுவும் தையல்கார அம்மாவின் வகுப்புக்குச் சற்று முன்னால். அந்த அம்மாள் தையல் கடை வைத்திருக்கிறாள். மோட்டார் மெஷினில் பழகிய கால் என்பதால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே வண்டி பாயும். வாத்தியாரின் வயிற்றுக்கு இவளைவிடப் பெரிய எதிரி கிடையாது. "வேணாங்க, வகுப்பைத் தள்ளி வைக்கிறேன்" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். "தலைவலிக்கெல்லாம் லீவு விட்டா பள்ளிக்கூடம் நடத்தின மாதிரிதான்" என்று எகிறினார். காலையில் தும்மலுக்கு ஒன்று போட்டிருந்தார். இப்போது வலி மாத்திரையும் குமட்டல் மாத்திரையும் உள்ளே போயின. வெளிச்சம் குத்தாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெம்புக்கு ஒரு டீயும் குடித்தார். டீக்கு அந்த மாத்திரையை எதிர்க்கும் வலு கிடையாது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

வண்டியில் ஏறியதும் வழக்கமான உபதேசம். "நான் சொல்லாம திரும்பக் கூடாது. நான் வாயைத் திறக்கலைன்னா நீங்க ஒழுங்கா ஓட்டுறீங்கன்னு அர்த்தம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

முதலில் நன்றாகத்தான் கத்தினார். சந்தை வளைவில் இரண்டு தடவை தானே பிரேக்கை அழுத்தினார். பிறகு வயிற்றுப் பிரட்டல் மெல்ல இறங்கியது. வலியும் யாரோ இடுக்கியைத் தளர்த்தியது போல விட்டுக்கொடுத்தது. ஆகா, என்ன அருமையான மாத்திரை என்று நினைத்தார். அவர் நினைத்ததில் கடைசி அதுதான்.

தையல்கார அம்மா நேராக ஓட்டினாள். சார் கத்தவில்லை. பள்ளத்தில் ஒரு டயர் இறங்கி ஏறியது, அப்போதும் கத்தவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கறுப்புக் கண்ணாடி ரோட்டைத்தான் பார்க்கிறது, வாய் லேசாகத் திறந்து புன்னகை போலக்கூட இருக்கிறது. ஊரின் கடைசி விளக்குக் கம்பம் தாண்டியது. வழக்கமாகத் திரும்பும் இடமும் போனது. சொல்லாமல் திரும்பக் கூடாதே! எனவே அவள் நேராகவே போய்க்கொண்டிருந்தாள். சாரே பெரிய ரோட்டுக்குக் கூட்டிப்போகிறார் என்றால் தனக்கு ஓட்ட வந்துவிட்டது என்றுதானே பொருள்?

பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்னால் ரோட்டில் வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தன. அக்குளில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு ஒருவர் அதில் இறங்கினார். ஒரு காலில் புதுக் கட்டு. நடை இன்னும் பழகவில்லை. பாதி தூரம் வந்தவர் கட்டை ஒன்று வழுக்க, அங்கேயே நின்றுவிட்டார்.

"சார்!" என்றாள். வண்டி வேகம் குறையவில்லை. "சார், பிரேக்!"

பக்கத்து மிதி அசையவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். வாத்தியாரின் தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் ஓரத்தில் எச்சில். கால் மிதியில் இல்லை. செருப்பைக் கழற்றி, சொகுசாக சீட்டுக்கு அடியில் மடங்கியிருந்தது.

அடுத்த கணம் அவளுடைய கால்தான் அழுத்தியது. பயத்தில் கிளட்ச்சை மறந்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மிதித்தாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி இஞ்சின் செத்து நின்றது. கட்டைக்காரரின் கை வண்டியின் மூக்கைத் தொடும் தூரம். அவர் உள்ளே இருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டக்கூட அவருக்கு மூச்சு வரவில்லை. யாரோ ஓடிவந்து கையைப் பிடித்து அக்கரை சேர்த்தார்கள்.

பெல்ட் இறுக்கியதில் வாத்தியார் கண் விழித்தார். விழித்ததும் வாயில் வந்த முதல் வார்த்தை, "பிரேக்! பிரேக்!"

"போட்டாச்சு சார்" என்றாள் அவள்.

வாத்தியாருக்கு இடம் பிடிபடவில்லை. கோபம் மட்டும் பிடிபட்டது. "யாரைக் கேட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கதவைத் திறந்து வேகமாக எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை கிறுகிறுத்தது. கண் இருட்டி நடைபாதையின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்த மாத்திரை சட்டென்று எழுந்திருக்கிறவர்களுக்கு ரத்த அழுத்தத்தை இறக்கி இப்படியும் மரியாதை செய்யும்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்மா, நான் கண்ணசந்தா எழுப்ப மாட்டீங்களா?" என்றார். கோபம் பாதியாக இறங்கியிருந்தது.

"எழுப்பலையா? தொண்டை கிழியக் கத்தினேன் சார். நீங்க என்னைப் பார்த்துக் கத்துவீங்களே, அதே மாதிரி." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அந்த ஆளு தூரத்துலயே தெரிஞ்சாரு. பிரேக் போடணும்னும் தெரிஞ்சுது. நீங்க போடுவீங்கன்னு காத்திருந்தேன் சார். எப்பவும் நீங்கதானே போடுவீங்க. நான் காத்திருந்த நேரத்துல அவரு செத்திருப்பாரு."

எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை வாத்தியாருடையதாகத்தான் இருக்கும். இன்று அது அவளுடையதாகிவிட்டது. அந்தக் கட்டைக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது தெரிந்தது. பார்க்கச் சகிக்காமல் குனிந்துகொண்டார். முதல் முறையாகப் பயந்தார். உண்மையான பயம்.

பழக்கம் லேசில் போகுமா? மெதுவாக, "சரிம்மா, ஒண்ணும் ஆகலையே. வீட்டுல சொல்லிக்க வேணாம். நான் ஓட்டுறேன், ஏறுங்க" என்றார்.

அவள் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீங்க தூக்கத்துல இருக்கீங்க சார். உங்களையும் ஓட்ட விட மாட்டேன், உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நானும் ஓட்ட மாட்டேன்." அப்படியே பள்ளிக்குப் போன் போட்டாள்.

மனைவி வாடகை வண்டியில் வந்து இறங்கினாள். தையல்கார அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டாள். கணவரின் சட்டைப் பையில் கைவிட்டு, தும்மல் மாத்திரையின் அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இதையும் சேர்த்துப் போட்டீங்களா?"

"அது சாதாரண மாத்திரைதானே..."

"மருந்துக்கடைக்காரர் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

அவர் குனிந்து, கழற்றிய செருப்பைத் தேடினார். "சரி" என்றாள். அந்த 'சரி'யில் எத்தனை வருஷத்துக் குமுறல் இருந்தது என்று வாத்தியாருக்குத் தெரியும். "இனிமே வலி வந்தா மாத்திரை போடுங்க, தாராளமா போடுங்க. போட்டா அன்னைக்குப் பூரா வகுப்பு கிடையாது. தூங்க வைக்காத மருந்து ஏதாவது இருக்கான்னு டாக்டரையே கேட்போம். அதுவும் ஒத்துக்கலைன்னா மேசையில நீங்க உட்காருங்க, வகுப்புக்கு நான் போறேன்." பிறகு பின்கதவைத் திறந்தாள். "ஏறுங்க."

தன்னுடைய காரில் அவர் ஒரு நாளும் பின்னால் உட்கார்ந்ததில்லை. ஏறினார். மனைவி ஓட்ட உட்கார்ந்தாள். தையல்கார அம்மா பக்கத்து சீட்டுக்கு வந்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. முதல் முச்சந்தியில் வாத்தியாரின் கால் வெறும் தரையை ஓங்கி அழுத்தியது. இரண்டாவதில் லேசாக அழுத்தியது. அதற்கப்புறம் குறட்டைதான் கேட்டது.

தையல்கார அம்மா பதறிப்போய்த் திரும்பினாள். "அக்கா, சார் மறுபடியும் தூங்கிட்டாரு!"

"தூங்கட்டும் விடும்மா" என்றாள் மனைவி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "தூங்க வேண்டிய இடத்துல இப்பதான் உட்கார்ந்திருக்காரு."