புயல் எழுதின ஆறு வரி மெயில்

சோப்பும் துணி பவுடரும் விற்கிற கம்பெனியில் அவளுக்குப் ‘புயல்’ என்று பேர். பதினாறு வருஷமாகக் கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் பிடிக்கிறவள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த கடைக்காரர்கூட பத்து பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார். அப்பேர்ப்பட்டவளை ஒண்ணாம் தேதியிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி மாற்றிவிட்டார்கள், புண்ணியவான்கள்! போக முடியாதென்றால் வேலையை விடணும். புருஷனுக்கு இங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை, மகள் பத்தாம் வகுப்பு. குடும்பத்தை விட்டு எப்படிப் போவது?

ஒன்றரை வருஷமாக விடியற்காலையில் எழுந்து அவள் டேட்டா அனலிசிஸ் படித்திருந்தாள். எக்ஸெல், எஸ்.க்யூ.எல்., டாஷ்போர்டு எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஆனால் இணையத்தில் போட்ட முப்பத்தெட்டு விண்ணப்பமும் கிணற்றில் போட்ட கல்தான். நாற்பத்திரண்டு வயசு சேல்ஸ்காரியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அப்போதுதான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பிஸ்கட் கம்பெனி ஒன்றுக்கு, அடுத்த மாசம் எவ்வளவு விற்கும் என்று கணித்துச் சொல்ல அனலிஸ்ட் வேண்டுமாம். ஆள் தேடுகிற ரெக்ரூட்டரின் பெயர் கீழே இருந்தது. முன்பின் தெரியாத அந்த மனுஷருக்கே நேராக மெயில் போடுவது என்று உட்கார்ந்தாள். இரண்டு பக்கம் எழுதினாள். கடின உழைப்பு, கற்கும் ஆர்வம், ஏழு சான்றிதழ்.

புருஷன் படித்துப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

“ஏம்மா, கடைக்குள்ள நுழைஞ்சதும் உன் கம்பெனி வரலாறைத்தான் படிப்பியா?”

“அடிச்சுத் துரத்திடுவாங்க. அவருக்கு என்ன தலைவலின்னு முதல்ல கேப்பேன்.”

“அப்போ இந்த மனுஷன் மட்டும் என்ன பாவம் பண்ணாரு?”

அவளுக்குச் சுரீர் என்றது. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் தன் சரக்கை விற்கும்போது கோட்டை விட்டிருக்கிறாளே! அத்தனையையும் அழித்தாள். பிறகு எழுதினது ஆறே வரி:

“மாசக் கடைசியில் விற்பனை ஏறுவதைப் பார்த்து மக்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்று கணித்தால் தப்பாகும். டார்கெட்டுக்காக என் மாதிரி ஆட்கள் கடையில் திணிக்கிற சரக்கு அது. அடுத்த மாசம் முதல் பத்து நாளில் ரிட்டர்னாகத் திரும்பி வரும். அந்த ரிட்டர்னை விற்ற மாசத்திலேயே கழித்துப் பார்த்தால் நிஜ விற்பனை தெரியும். நானே உருவாக்கிய மாதிரித் தரவில் செய்து காட்டிய டாஷ்போர்டு லிங்க் கீழே இருக்கிறது. பிஸ்கட் கம்பெனி வேலை பற்றி புதன் அல்லது வியாழன் பதினைந்து நிமிஷம் பேசலாமா?”

“திணிச்சேன்னு உன் குட்டை நீயே உடைக்கிறியே,” என்று பயந்தார் புருஷன்.

“இது தெரியறதுக்குத்தானேங்க பதினாறு வருஷம் செருப்பு தேஞ்சிருக்கு,” என்று அனுப்பிவிட்டாள்.

மறுநாள் மதியமே ரெக்ரூட்டர் கூப்பிட்டார். “மேடம், பிஸ்கட் கம்பெனி மேனேஜருக்கு உங்க மெயிலை அப்படியே அனுப்பிட்டேன். வியாழக்கிழமை வரச் சொல்றார்.”

வியாழக்கிழமை மேனேஜர் பெரிய திரையில் ஒரு படத்தைப் போட்டார். மாசா மாசம் கடைசியில் கோடு ஜிவ்வென்று ஏறியது. “இதை நம்பித்தான் சரக்கு செய்யறோம். அப்புறம் குடோன்ல தேங்குது. ஏன்?”

“ரிட்டர்னை எந்த மாசத்துல எழுதறீங்க சார்?”

“வந்த மாசத்துல.”

“கொஞ்சம் அந்த ரிட்டர்ன் கணக்கு டேபிளைக் காட்டுங்க.”

அவர் கொடுத்த மடிக்கணினியில், ரிட்டர்ன் ஒவ்வொன்றையும் அதன் பழைய பில் நம்பரோடு இணைத்து, விற்ற மாசத்திலிருந்தே கழித்தாள். இருபது நிமிஷம். ஏறின கோடு முக்கால்வாசி படுத்துவிட்டது. பக்கத்திலிருந்த இரண்டு இளம் அனலிஸ்டுகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர் நாற்காலியை இழுத்துத் திரைக்குக் கிட்டே போட்டுக்கொண்டார்.

பிறகு நாலு நாள் சத்தமே இல்லை. மாசக் கடைசி நாளும் வந்தது. சாயங்காலத்துக்குள் மாற்றலுக்குப் பதில் சொல்லணும், டார்கெட்டுக்கு முப்பது பெட்டி குறைகிறது. கடைசிக் கடையின் கல்லாவுக்கு முன்னால் ஆர்டர் புத்தகத்தோடு நிற்கிறாள், போன் அடித்தது. ரெக்ரூட்டர்தான்.

“மேடம், உங்களையே எடுத்திருக்காங்க! இதே ஊர்தான். ஆஃபர் லெட்டர் மெயில்ல வந்தாச்சு, பாருங்க.”

பார்த்தாள். இரண்டு தடவை படித்தாள். கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அழுதாள், சிரித்தாள். “ஜெயிச்சுட்டேன் அண்ணாச்சி!” என்று அவள் கத்தியதில் சோப்பு வாங்க வந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கமான பெருமூச்சோடு பேனாவை எடுத்தார். “சரிம்மா, முப்பதா? எங்கே கையெழுத்து?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்களுக்கு நிஜமா எத்தனை பெட்டி விக்கும் அண்ணாச்சி?”

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்து யோசித்தார்.

“ஆறு.”

ஆறு என்றே எழுதிக்கொண்டாள்.